வங்கிக்கு எழுதும் கடிதமும் அதன் கடிகாரமும்

கணக்கிலிருந்து நமக்குத் தெரியாமல் பணம் போய்விட்டால் வங்கிக்கு எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதப்படும் கடிதங்களில் பெரும்பாலானவை மனுவின் தொனியில் இருக்கின்றன. பணம் எத்தனை ஆண்டுச் சேமிப்பு, எந்தச் செலவுக்காக வைத்திருந்தது, போனதால் குடும்பம் என்ன பாடுபடுகிறது என்று தொடங்கி, எப்படியாவது மீட்டுத் தரும்படி கேட்டு முடிகின்றன. எழுதியவரின் துயரம் உண்மையானதுதான். ஆனால் அந்தக் கடிதத்தை எடுத்துப் படிக்கும் அலுவலருக்குத் தேவையான இரண்டு செய்திகள், அதாவது பணம் எப்போது போனது, அது வங்கிக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது என்பவை, பெரும்பாலும் மூன்றாவது பத்தியில் நேரம் குறிக்கப்படாமல் புதைந்து கிடக்கும். இந்தியாவில் இப்படிப் போன பணத்தின் இழப்பை யார் ஏற்க வேண்டும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பவை இந்த இரண்டு நேரங்களே. ஆகவே கடிதத்தை அந்த நேரங்களைச் சுற்றியே கட்ட வேண்டும். எழுதுபவர் தமக்கு நேரடியாகத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூட அதில் சேர்க்கக் கூடாது.

இதற்கு அடிப்படை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வணிக வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு அது வரம்பு கட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதே போன்ற விதி வந்தது. அதன் தருக்கம் எளிமையானது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளர் எப்போது புகார் செய்தாலும் அவருக்கு இழப்பு இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ என்றால், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலைநாட்களுக்குள் தெரிவித்தவர் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு வரம்பு வரை இழப்பை ஏற்க வேண்டும்; சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 10,000 ரூபாய். ஏழு நாட்களையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி முடிவாகும். தவறு வாடிக்கையாளருடையது என்றால், அவர் தெரிவிக்கும் நிமிடம் வரையிலான இழப்பு அவருக்கு, அதற்குப் பிந்தையது முழுவதும் வங்கிக்கு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியைச் சேர்ந்தது என்றும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. எழுதும் நாளில் நடப்பில் இருக்கும் வடிவத்தை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கற்பனை நிகழ்வைக் கொண்டு பார்க்கலாம். நாட்காட்டி மட்டும் உண்மையானது. கும்பகோணத்துக் கிளையொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. 2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. இரவு 11.42-க்கு அவருடைய டெபிட் கார்டு வழியாக 19,999 ரூபாய், 11.44-க்கு மீண்டும் 19,999 ரூபாய், 11.51-க்கு 9,800 ரூபாய் என மூன்று தொகைகள் இணைய வணிகத் தளமொன்றுக்குப் போகின்றன. குறுஞ்செய்திகள் உடனுக்குடன் வந்துவிட்டன, அவர் உறங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை 6.10-க்கு அவற்றைப் பார்க்கிறார். 6.25-க்கு வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, அந்த மூன்றும் தாம் செய்தவை அல்ல என்று சொல்லிக் கார்டை முடக்கச் சொல்கிறார். புகார் எண் ஒன்று தரப்படுகிறது. ஆனால் 6.40-க்கு இன்னொரு 4,999 ரூபாய் போகிறது. மொத்த இழப்பு 54,797 ரூபாய்.

இப்போது நாட்களை எண்ணுவோம். தகவல் கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது. வாடிக்கையாளரின் சொந்தக் கிளை இயங்கும் நாட்களை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது விதி. 13-ஆம் தேதி இரண்டாவது சனி, 14 ஞாயிறு, 15 பொங்கல், 16 திருவள்ளுவர் நாள், 17 உழவர் திருநாள். ஐந்து நாட்களும் தமிழ்நாட்டு வங்கிகளுக்கு விடுமுறை. முதல் வேலைநாள் 18, இரண்டாவது 19, மூன்றாவது 20-ஆம் தேதி சனிக்கிழமை. பணம் போய் எட்டு நாட்கள் ஆகியும் அவர் முழுப் பாதுகாப்புக்குள்தான் இருந்திருப்பார். இதே கணக்கு மும்பைக் கிளையில் இருந்திருந்தால் பொங்கலையொட்டிய விடுமுறைகள் வேறாக இருந்திருக்கும். கெடு அதற்கு முன்பே முடிந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘ஒரு வாரம் தாண்டிவிட்டதே’ என்று சோர்ந்து புகாரைக் கைவிடுபவர்கள் உண்டு. தாமதம் என்று கிளையில் வாய்மொழியாகச் சொல்வதை அப்படியே நம்பித் திரும்புபவர்களும் உண்டு. கடிதத்தில் நாட்களை எண்ணிக் காட்டிவிட்டால் அந்த வாதத்துக்கு இடமே இல்லை.

அதற்காக எட்டு நாள் இருக்கிறதே என்று காத்திருந்தால் அதைப் போன்ற மடமை வேறில்லை. கெடு என்பது பொறுப்பைப் பற்றியது. பணத்தின் ஓட்டத்தை அது நிறுத்தாது. திருடிய பணம் சில நிமிடங்களில் இரண்டு, மூன்று கணக்குகளைக் கடந்துவிடும். அதனால்தான் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைப்பதும் வங்கியின் இருபத்துநான்கு மணி நேரச் சேவையில் தெரிவிப்பதும் கடிதத்துக்கு முன்பே நடக்க வேண்டியவை. தாமதத்தின் விலையையும் ஆசிரியையின் கணக்கிலேயே பார்க்கலாம். எல்லாவற்றையும் அவர் ஐந்தாவது வேலைநாளில்தான் தெரிவித்திருந்தார் என்றால், முதல் இரண்டு பரிவர்த்தனைகளுக்குத் தலா 10,000 ரூபாய், மூன்றாவதில் முழுத் தொகையான 9,800, நான்காவதில் முழுத் தொகையான 4,999 என 34,799 ரூபாய் வரை அவர் தலையில் விழுந்திருக்கலாம். வரம்பு மொத்தத்துக்கு அல்ல, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனியாக என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கடிதத்தின் முதல் வேலை, இது எந்த வகைப் புகார் என்று சொல்வது. ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் கழிந்திருந்தால் அது தோல்வியுற்ற பரிவர்த்தனை. அதற்கு 2019-இல் வந்த வேறொரு விதி இருக்கிறது, ஐந்து நாட்களுக்குள் திருப்பி வரவு வைக்கவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது அதன் ஏற்பாடு. நாமே தவறான எண்ணுக்குப் பணம் அனுப்பியிருந்தால் அது இன்னொரு வகை. இவற்றையும் அனுமதியற்ற பரிவர்த்தனையையும் ‘பணம் காணாமல் போனது பற்றி’ என்ற ஒரே தலைப்பில் எழுதினால் கடிதம் தவறான மேசைக்குப் போய், திரும்பி வருவதற்குள் நாட்கள் கழிந்துவிடும். ஆகவே பொருள் வரியிலேயே, சேமிப்புக் கணக்கில் டெபிட் கார்டு வழி நடந்த அனுமதியற்ற நான்கு மின்னணுப் பரிவர்த்தனைகள், மொத்தம் 54,797 ரூபாய், புகார் எண் இன்னது என்று எழுதிவிட வேண்டும்.

அடுத்தது நிகழ்வு வரிசை. இங்கே மூன்று நேரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன: பணம் போன நேரம், வங்கியின் செய்தி வந்த நேரம், நாம் அதைப் பார்த்த நேரம். விதி கணக்கில் எடுப்பது வங்கியின் தகவல் கிடைத்த நேரத்தை. அந்தச் செய்தி எப்போது சென்றடைந்தது, வாடிக்கையாளர் எப்போது பதிலளித்தார் என்பவற்றைப் பதிவு செய்யும் ஏற்பாடு வங்கியிடம் இருக்க வேண்டும் என்றும் சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே மூன்றையும் பிரித்து எழுத வேண்டும். செய்தியே வரவில்லை, பாஸ்புக்கில் பதிவிடும்போதுதான் தெரிந்தது என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதே அதனால் மாறும். ஆசிரியையின் கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி அமையும்:

“12.01.2024 இரவு 11.42, 11.44, 11.51 ஆகிய நேரங்களில் முறையே ரூ.19,999, ரூ.19,999, ரூ.9,800 என் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்திகள் வந்துள்ளன. 13.01.2024 காலை 6.10-க்கு அவற்றைப் பார்த்தேன். இந்தப் பரிவர்த்தனைகளை நான் செய்யவில்லை. செய்யும்படி யாருக்கும் அனுமதி தரவும் இல்லை. கார்டு என் வசமே உள்ளது. 6.25-க்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவையை அழைத்துத் தெரிவித்துக் கார்டை முடக்கக் கோரினேன். மேற்கண்ட புகார் எண் தரப்பட்டது. அதன் பிறகு 6.40-க்கு ரூ.4,999 கழிக்கப்பட்டது. இந்த நான்காவது பரிவர்த்தனை நான் தெரிவித்த பின் நடந்தது.”

இதில் ‘என் கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று இல்லை. ‘வங்கி ஊழியர் யாரோ உடந்தை’ என்றும் இல்லை. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எழுதுபவருக்கு அது தெரியாது. தெரியாத காரணத்தை உறுதியாக எழுதும்போது இரண்டு கேடுகள் நேர்கின்றன. நிரூபிக்கும் சுமை வங்கியிடம் இருக்க, அதை வாடிக்கையாளர் தாமே தூக்கிக்கொள்கிறார். மேலும், அந்தக் காரணம் தவறு என்று வங்கி காட்டிவிட்டால், மொத்தக் கடிதத்தின் நம்பகமும் குறைகிறது. ‘ஊழியர் யாருக்கும் தொடர்பில்லை என விசாரணையில் தெரியவந்தது’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு கோப்பு மூடப்படும். கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படாமலே போகும். நான் செய்யவில்லை, அனுமதிக்கவில்லை என்ற இரண்டு மறுப்புகள் போதும்.

கடிதம் தடுமாறும் இன்னொரு இடம் கோரிக்கை. ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால், புகாரைப் பதிந்ததே நடவடிக்கைதான் என்று பதில் வரும். சுற்றறிக்கை தரும் உரிமைகள் குறிப்பானவை. கோரிக்கையும் அப்படியே இருக்கலாம். தெரிவித்த பத்து வேலைநாட்களுக்குள் சர்ச்சைக்குரிய தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை வரும்வரை காத்திருக்கக் கூடாது. பணம் போன தேதியையே வரவின் தேதியாகக் கொள்ள வேண்டும், அப்போதுதான் வட்டி நட்டம் வராது. வங்கிக்காரர்கள் இதை ‘ஷேடோ கிரெடிட்’ என்பார்கள். விசாரணை முடியும்வரை அதை எடுக்க முடியாதபடி பிடித்து வைக்கும் வங்கிகளும் உண்டு, எனவே கணக்கில் தொகை தெரிவதை வைத்து வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. புகாருக்கான இறுதி முடிவு 90 நாட்களைத் தாண்டக் கூடாது. அதற்குள் பொறுப்பைத் தீர்மானிக்க முடியவில்லை என்றால் விதிப்படி வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியதை வங்கி கொடுத்துவிட வேண்டும். ஆகவே தற்காலிக வரவு, பொறுப்பு இல்லை என்ற முடிவு அல்லது மறுத்தால் அதற்கான காரணம் எழுத்தில், நான்காவது பரிவர்த்தனையின் தொகை எந்த நிபந்தனையும் இன்றித் திரும்ப வருவது என்று கோரிக்கைகள் தனித்தனி வரிகளில் நிற்க வேண்டும்.

இன்னொரு கோரிக்கையைச் சேர்ப்பதை நான் வலியுறுத்துவேன்: பதிவுகளைப் பாதுகாத்து, அவற்றின் விவரங்களைத் தரும்படி கேட்பது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் எந்த முறையில் உறுதி செய்யப்பட்டது, ஓடிபி உருவாக்கப்பட்டதா, எந்தக் கைப்பேசி எண்ணுக்கு எத்தனை மணிக்குப் போனது, பணம் பெற்ற வணிகர் யார், கார்டை முடக்கும் கோரிக்கை எத்தனை மணிக்குச் செயலுக்கு வந்தது ஆகியவை வங்கியிடமும் கார்டு வலையமைப்பிடமும்தான் இருக்கும். சில வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலேயே கார்டு எண்ணைக் கொண்டு பணம் எடுக்க முடியும். அப்படி நடந்திருந்தால் ‘நீங்கள்தான் ஓடிபியைச் சொல்லியிருப்பீர்கள்’ என்ற வழக்கமான பதில் அங்கேயே விழுந்துவிடும். 2024 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு நிறுவனத்துக்கு 76 லட்சம் ரூபாய்க்கு மேல் திருப்பித் தரும்படி பரோடா வங்கிக்கு உத்தரவிட்டது. புதிய பயனாளிகள் கணக்கில் சேர்க்கப்பட்டபோது தங்களுக்கு ஓடிபியோ செய்தியோ வரவில்லை என்பதும், உடனே புகார் செய்ததும் அந்த நிறுவனத்தின் வாதங்களாக இருந்தன. பதிவு எங்கே என்ற கேள்விக்கு இருக்கும் வலிமை இதுதான்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ‘ஓடிபியை உண்மையிலேயே சொல்லிவிட்டவர் என்ன செய்வது? உள்ளபடி எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம். மறைப்பதே அவருக்கு நல்லதில்லையா?’ என்று கேட்கிறார்கள். விதியின் எழுத்தைப் பார்த்தால் இந்த அச்சம் பொய்யில்லை. ரகசிய விவரங்களைப் பகிர்வதைக் கவனக்குறைவுக்கு எடுத்துக்காட்டாகவே சுற்றறிக்கை சொல்கிறது. ஆயினும் மறைப்பது பயன் தராது. ஓடிபி போன நேரமும் அது பயன்படுத்தப்பட்ட நேரமும் வங்கியிடம் பதிவாகியிருக்கும். ஏமாற்றியவரின் அழைப்பும் கைப்பேசி நிறுவனத்தின் பதிவில் இருக்கும். மறுத்து எழுதியது பொய் என்று தெரிந்துவிட்டால், தெரிவித்த பிறகு நடந்த பரிவர்த்தனைக்கு உள்ள தெளிவான உரிமையும் சந்தேகத்துக்குள்ளாகும். நம் ஆசிரியை ஏமாந்து ஓடிபி சொல்லியிருந்தால்கூட 6.40-க்குப் போன 4,999 ரூபாய் வங்கியின் பொறுப்பே. கவனக்குறைவு என்பதும் ஓடிபி ஒன்றால் மட்டும் முடிவாகிவிடுவதில்லை. இணையக் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பியனுப்ப முயன்ற ஒருவரை, கடையின் வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி ஏமாற்றி 94,204.80 ரூபாயை எடுத்த வழக்கில், அவர்தான் ரகசிய விவரங்களைப் பகிர்ந்தார் என்று பாரத ஸ்டேட் வங்கி வாதிட்டது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் வங்கியைப் பொறுப்பாக்கியது. 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அவர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் புகார் செய்திருந்தார் என்பது அங்கே எடைபோடப்பட்டது. எல்லா ஏமாற்றுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நாமே தொகையைத் தட்டச்சு செய்து, ரகசிய எண்ணை அழுத்தி அனுப்பிய பணத்தில் வங்கியின் வாதம் இன்னும் வலுவாகவே நிற்கும். அப்படி இருந்தாலும் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவதே வழி: அழைத்தவர் தம்மை யார் என்று சொன்னார், எந்த எண்ணிலிருந்து, என்ன கேட்டார், எதைச் சொன்னோம். ‘என் அறியாமையால்’, ‘என் முட்டாள்தனத்தால்’ போன்ற சொற்கள் மட்டும் வேண்டாம். அவை நிகழ்வுகள் அல்ல, தீர்ப்புகள். தீர்ப்பை வங்கி நிரூபித்துச் சொல்லட்டும்.

இன்னொரு ஆட்சேபம் சலிப்பிலிருந்து வருவது. போனில் சொல்லிப் புகார் எண் வாங்கிய பிறகு கடிதம் எதற்கு, யார் படிக்கப் போகிறார்கள் என்பது. தொலைபேசிப் புகார் செல்லாதது அல்ல. கடிகாரத்தை நிறுத்துவது அதுதான். ஆனால் அந்த அழைப்பில் என்ன பதியப்பட்டது என்பது நம் கையில் இல்லை. மூன்று பரிவர்த்தனைகளில் இரண்டு மட்டும் பதிவாகியிருக்கலாம். அனுமதியற்றது என்பதற்குப் பதில் ‘கார்டு முடக்கக் கோரிக்கை’ என்று மட்டும் இருக்கலாம். அதோடு, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் முறையிட, முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். வங்கி மறுத்திருக்க வேண்டும் அல்லது 30 நாட்கள் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். கடிதம் இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஆகவே பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சல் முகவரியிலிருந்து அன்றைக்கே அனுப்பிவிட்டு, கிளை திறந்ததும் அதே கடிதத்தின் அச்சுப்படியைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இன்னொரு படியில் தேதியோடு வங்கி முத்திரை வாங்க வேண்டும். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் ஒப்புகையுடன் அனுப்பலாம். குறுஞ்செய்திகளின் திரைப்பிடிப்புகள், அழைப்புப் பட்டியலில் 6.25 தெரியும் பக்கம், கணக்கு அறிக்கையின் அந்தப் பகுதி, 1930-இல் கிடைத்த ஒப்புகை எண் ஆகியவற்றை இணைத்தால் போதும். ரகசிய எண்ணையோ ஓடிபியையோ கார்டின் முழு எண்ணையோ கடிதத்தில் எழுத வேண்டாம். கடைசி நான்கு இலக்கங்கள் போதும். தமிழ்நாட்டுக் கிளைக்குத் தமிழிலேயே எழுதலாம். பரிவர்த்தனை எண்களையும் வணிகர் பெயரையும் மட்டும் அறிக்கையில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். முப்பது நாள் கழித்தும் பதில் வரவில்லை அல்லது வந்த பதில் ஏற்புடையதாக இல்லை என்றால், முத்திரையிட்ட அந்தப் படியை இணைத்து cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுங்கள். அந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.